குலைக் கணக்கின் மிச்சத்தில் என்ன மிச்சம்? ACF படம் பற்றி தெலுக் இந்தானில் கேட்ட கேள்விகள்

தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் பல வகை. தோட்ட ஆபீசில் வேலை செய்யும் கிராணிமார் சிலர், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள் சிலர். ஒரு தொடரின் எண்கள் சில மாதம் முந்தைய எண்களோடு எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்று குச்சி குச்சியாகக் காட்டும் ACF படத்தைத்தான் எல்லாரும் கைப்பேசியில் காட்டி, "இது ரேண்டமா, இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு தோட்டத்தின் மாதாந்திரக் குலை எடை, 2014 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை, மொத்தம் 120 மாதம். எடை எண்கள் பயிற்சிக்காக நானே அமைத்தவை. பெருநாள் தேதிகள் மட்டும் உண்மையானவை.

அக்கா, படத்துல முதல் குச்சி நேரா 1-ஐத் தொட்டு நிக்குது. ஏதோ பெரிய தப்பு நடந்துருச்சா?

இல்லை. அது லேக் 0. எத்தனை மாதம் தள்ளி ஒப்பிடுகிறோம் என்பதுதான் லேக். ஒரு தொடரை அதோடேயே ஒப்பிட்டால் ஒட்டுறவு எப்போதும் 1தான் வரும். அந்தக் குச்சியில் எந்தச் செய்தியும் கிடையாது. கட்டை விரலால் அதை மறைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள். R-இல் உள்ள `acf()` லேக் 0-ஐ வரைந்துவிடும். `forecast` தொகுப்பில் உள்ள `Acf()` அதை விட்டுவிடும். அதனால் இரண்டு பேர் ஒரே எண்களை வைத்து வரைந்தாலும் "முதல் குச்சி" என்று சொல்லும்போது வேறு வேறு குச்சியைச் சொல்லக்கூடும். எப்போதும் லேக் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

லேக் 1, லேக் 2ன்னு சொல்றீங்க. கையால ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்களா?

எட்டு மாத மிச்சங்களை எடுத்துக்கொள்வோம். மிச்சம் என்பது உண்மையில் வந்த எடையிலிருந்து நம் மாதிரி எதிர்பார்த்த எடையைக் கழித்தால் வருவது. எச்சம் என்றும் எழுதுவார்கள். டன்னில் இப்படி இருக்கிறது:

+6, −5, +1, +4, −6, +3, −4, +1

கூட்டினால் பூஜ்யம். அதனால் சராசரியைக் கழிக்கும் வேலை இல்லை. முதலில் ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து கூட்டுங்கள்: 36, 25, 1, 16, 36, 9, 16, 1. மொத்தம் 140. இதுதான் எல்லா லேக்குக்கும் அடியில் வரும் எண்.

லேக் 1-க்கு ஒவ்வொரு மாதத்தையும் அதன் அடுத்த மாதத்தோடு பெருக்குகிறோம். 6-ஐயும் −5-ஐயும் பெருக்கினால் −30. −5, 1 என்றால் −5. அப்புறம் 4, −24, −18, −12, −4. ஏழு பெருக்கல்களையும் கூட்டினால் −89. அதை 140-ஆல் வகுத்தால் −0.64. லேக் 1 குச்சியின் உயரம் இதுதான், கீழ்நோக்கித் தொங்கும்.

லேக் 2-க்கு ஒரு மாதம் விட்டு அடுத்த மாதம். பெருக்கல்கள் 6, −20, −6, 12, 24, 3. கூட்டினால் 19, வகுத்தால் 0.14.

படம் முழுவதும் இவ்வளவுதான். லேக் 1 கீழே தொங்குவதன் பொருள், ஒரு மாதம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் அடுத்த மாதம் கூடுகிறது என்பது. இந்த எட்டு எண்களையும் மறுபடி பாருங்கள். ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, கண்ணுக்கே தெரிகிறது.

அந்த நீலப் புள்ளிக்கோடு எங்கேயிருந்து வருது? அதுக்குள்ள இருந்தா சரின்னு எடுத்துக்கலாமா?

தொடர் உண்மையிலேயே ஒழுங்கில்லாத இரைச்சலாக இருந்தால், ஒவ்வொரு குச்சியும் பூஜ்யத்தைச் சுற்றி அங்கும் இங்குமாக விழும். அந்தச் சிதறலின் அளவு ஏறக்குறைய 1/√n. n என்பது எத்தனை மாதக் கணக்கு என்பது. 95 விழுக்காடு குச்சிகள் ±1.96/√n என்ற எல்லைக்குள் அடங்கும். கோடு அதுதான். 120 மாதம் என்றால் ±0.18.

இப்போது மேலே கையால் போட்ட எட்டு எண்களுக்கு வாருங்கள். 1.96/√8 என்பது 0.69. நாம் கணக்கிட்ட −0.64 அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது! அவ்வளவு தெளிவாக ஏறி இறங்கும் எண்களைக்கூட இந்தப் படம் "சந்தேகப்பட ஒன்றுமில்லை" என்று விட்டுவிடும். எட்டு எண்கள் போதாது என்பதுதான் காரணம். மிச்சம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. குச்சி கோட்டுக்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எத்தனை மாதக் கணக்கு என்று உடனே கேளுங்கள்.

யாரும் சொல்லாவிட்டாலும் படமே சொல்லும். கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அச்சில் பார்த்து, 1.96-ஐ அந்த உயரத்தால் வகுத்து, வருவதை வர்க்கம் செய்யுங்கள். கோடு 0.2-இல் இருந்தால் 96 எண்கள், அதாவது எட்டு வருட மாதக் கணக்கு. கோடு 0.4-இல் இருந்தால் 24 எண்கள்தான். வெறும் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் செய்யும் வேலை இது.

குலை எடைக்கே நேரா ACF போட்டேன். குச்சியெல்லாம் அலை மாதிரி மேலயும் கீழயும் போகுது. மாதிரி தப்பா?

மாதிரி இன்னும் போடவே இல்லையே. மலேசியாவில் செம்பனைக் குலை வருடக் கடைசியை ஒட்டி, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் குவியும். பிப்ரவரி வாக்கில் இளைக்கும். அந்த வருடச் சுழற்சிதான் அலையாகத் தெரிகிறது. லேக் 6-இல் நன்றாகக் கீழே, லேக் 12-இல் நன்றாக மேலே. மரத்தின் இயல்பு அது. அதை எடுத்துவிட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் நம் கேள்வி. அதனால் முதலில் போக்கையும் மாதங்களின் சராசரி வேறுபாட்டையும் கழிக்கிறோம்:

```
fit <- lm(bts ~ t + factor(bulan), data = d)
e <- resid(fit)
acf(e, lag.max = 24)
Box.test(e, lag = 24, type = "Ljung-Box")
```

`bts` என்பது மாதக் குலை எடை, `t` 1 முதல் 120 வரை, `bulan` மாத எண். இனி நாம் பேசப்போவது `e` பற்றி மட்டும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படி மாதச் சராசரியைக் கழித்தபின் லேக் 12 குச்சி கொஞ்சம் கீழே தொங்கினால் பதற வேண்டாம். பத்து ஜனவரிகளின் சராசரியை அந்தப் பத்து ஜனவரிகளிலிருந்தே கழிக்கும்போது, ஒரு ஜனவரிக்கும் அடுத்த ஜனவரிக்கும் இடையே தானாக ஒரு எதிர்மறைத் தொடர்பு வந்துவிடும். பத்து வருடக் கணக்கில் அதன் அளவு சராசரியாக −0.1. நம் படத்தில் லேக் 12 −0.11. அது மரத்திடமிருந்து வந்ததல்ல, நாம் போட்ட கழித்தலிலிருந்து வந்தது.

என் படத்துல லேக் 1 மட்டும் −0.31ல தொங்குது, மத்ததெல்லாம் அடக்கமா இருக்கு. ஆனா Box.test p மதிப்பு 0.10ன்னு வருது. 0.05க்கு மேல இருக்கே, அப்ப ரேண்டம்னு எழுதிடட்டுமா?

எழுதாதீர்கள். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

லுங், பாக்ஸ் இருவரும் 1978-இல் தந்த இந்தச் சோதனை, நீங்கள் சொன்ன எல்லா லேக்குகளின் குச்சிகளையும் வர்க்கம் செய்து ஒரே கூடையில் போடுகிறது. லேக் k குச்சியின் உயரம் r_k என்றால், கணக்கு இது:

```
Q = n(n+2) × Σ r_k² / (n−k)
```

உங்கள் லேக் 1 மட்டும் எவ்வளவு கொண்டு வருகிறது என்று பார்ப்போம். 120-ஐ 122-ஆல் பெருக்கினால் 14,640. −0.31-இன் வர்க்கம் 0.0961. அதை 119-ஆல் வகுத்து 14,640-ஆல் பெருக்கினால் 11.8. ஒரே ஒரு லேக்கை மட்டும் சோதித்தால் தாண்ட வேண்டிய எல்லை 3.84. அதைப்போல மூன்று மடங்குக்கு வந்துவிட்டது.

ஆனால் நீங்கள் 24 லேக் கேட்டீர்கள். மீதி 23 குச்சிகளும் சாதாரண இரைச்சல். ஆளுக்கு ஏறக்குறைய 1 கொண்டு வரும். எல்லாம் சேர்ந்து Q 33.2 ஆகிறது. 24 லேக்குக்கான எல்லையோ 36.4. எனவே சோதனை "பரவாயில்லை" என்கிறது. அந்த ஒரு குச்சியின் குற்றத்தை 23 அப்பாவிக் குச்சிகள் நீர்த்துப்போகச் செய்துவிட்டன. ஒரு குண்டான் சாம்பாரில் ஒரு பிடி கூடுதல் உப்பு போட்டால் தெரியாமல் போவதுபோல.

இதற்கு மாற்று, படத்தைப் பார்த்துவிட்டு எந்த லேக் எண் கொடுத்தால் நமக்குப் பிடித்த விடை வருமோ அதைக் கொடுப்பதும் அல்ல. படம் வரைவதற்கு முன்பே, எந்த லேக்கில் பிரச்சினை வர நியாயம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாதக் கணக்கு என்றால் நான் எழுதுவது 1, 2, 12. அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று தொடுவது இயல்பு. வருடம் திரும்புவது இயல்பு. இந்த மூன்றில் ஒன்று கோட்டைத் தாண்டினால், மொத்தச் சோதனை என்ன சொன்னாலும் நான் நின்று விசாரிப்பேன்.

சரி, −0.31க்குக் காரணம் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புத்தகத்துல ARMA போடுன்னுதான் இருக்கு.

ARMA போடலாம். முந்தைய மாதங்களின் எண்களையும் பிழைகளையும் வைத்து இந்த மாதத்தை ஊகிக்கும் மாதிரி அது. அதற்கு முன் மிச்சங்களைத் தேதியோடு ஒரு பட்டியலாக எடுத்து, பெரியதாகக் கீழே போன மாதங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். நம் கணக்கில் வட்டம் விழுந்தவை 2014 ஜூலை, 2017 ஜூன், 2020 மே, 2023 ஏப்ரல். ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதம் மிச்சம் மேலே இருக்கிறது.

என் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இந்த நான்கு மாதங்களையும் சொன்னால் அவருக்குக் கணினி தேவைப்பட்டிருக்காது. நோன்புப் பெருநாள் 2014-இல் ஜூலை 28, 2017-இல் ஜூன் 25, 2020-இல் மே 24, 2023-இல் ஏப்ரல் 22. எல்லாம் மாதக் கடைசி. வெட்டுக்காரர்களில் பலர் விடுப்பில் இருப்பார்கள். காலைப் பிரட்டில் ஆள் பாதி இருக்காது. பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை சுற்றிவர வேண்டிய அறுவடை ரவுண்டு தள்ளிப்போகும். ஆனால் குலை மரத்தில்தானே இருக்கிறது? ஆள் திரும்பியதும் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் உதிரிப் பழமாகக் கொட்டி வீணாகலாம், கொஞ்சம் அளவுக்கு மீறிப் பழுத்துவிடலாம். பெரும்பகுதி அடுத்த மாதக் கணக்கில் ஏறிவிடும். இந்த மாதம் குழி, அடுத்த மாதம் மேடு. லேக் 1 எதிர்மறை.

இதற்கு நேர்மாறாக 2016-ஐயும் 2019-ஐயும் பாருங்கள். பெருநாள் ஜூலை 6, ஜூன் 5. மாத ஆரம்பம். அந்த மாதங்களில் மிச்சம் அடக்கமாக இருக்கிறது. முதல் வாரத்தில் தவறிய குலையை அதே மாதத்தின் மூன்றாம் வாரத்துக்குள் வெட்டிவிட்டார்கள். மாத மொத்தம் மாறவில்லை. இந்த வேறுபாடு கிடைத்ததும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. விடுமுறை வந்ததால் மட்டும் குழி விழவில்லை. விடுமுறை மாத எல்லையை மிதித்ததால் விழுந்தது.

மாதச் சராசரியைக் கழித்தபோதே இது ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். பெருநாள் ஆண்டுதோறும் 11 நாள் முன்னால் நகர்கிறது. பத்து வருடத்தில் ஜூலை கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்கு வந்துவிட்டது. "ஜூன்" என்ற ஒரு சராசரியால் அதைப் பிடிக்கவே முடியாது. தீபாவளியும் அப்படித்தான்: 2016-இல் அக்டோபர் 29, 2019-இல் அக்டோபர் 27, 2022-இல் அக்டோபர் 24, இடையில் உள்ள வருடங்களில் நவம்பருக்கும் தாவும். சீனப் புத்தாண்டு 2017-இல் ஜனவரி 28, 2020-இல் ஜனவரி 25. நம் மூன்று பெருநாளும் சந்திரனைப் பார்த்து வருபவை. கணக்குப் புத்தகம் சூரிய மாதத்தில் எழுதப்படுகிறது. லேக் 1 குச்சியில் தெரிவது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி.

அப்ப சரிபண்றது எப்படி?

மாதத்தின் கடைசிப் பத்து நாளில் எத்தனை வெட்டு நாள் தவறியது என்று ஒரு நிரல் சேருங்கள். அதையே ஒரு மாதம் தள்ளி இன்னொரு நிரலாகவும் சேருங்கள். முதல் நிரலின் கெழு எதிர்மறையாகவும் இரண்டாவது நேர்மறையாகவும் வர வேண்டும். இரண்டாவதன் அளவு கொஞ்சம் சிறியதாக இருந்தால், உதிரியாகப் போன இழப்பு அந்த வித்தியாசத்தில் தெரிகிறது என்று கொள்ளலாம்.

வெட்டு நாள் கணக்கை நாட்காட்டியிலிருந்து ஊகிக்காதீர்கள்; செக்ரோலில் இருந்து எடுங்கள். அரசாங்க விடுமுறை இரண்டு நாள் என்றாலும் ஆள் திரும்ப ஒரு வாரம் ஆகலாம்.

இந்த இரண்டு நிரலையும் சேர்த்து மறுபடி வரைந்தால், நம் பயிற்சிக் கணக்கில் லேக் 1 −0.31-இலிருந்து −0.14-க்கு வருகிறது. கோட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் பூஜ்யமாகவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. பெருநாளே இல்லாவிட்டாலும், பன்னிரண்டு நாள் ரவுண்டு மாத எல்லையோடு ஒத்துப்போகாது. ஒரு மாதத்தில் மூன்று ரவுண்டு விழும், அடுத்த மாதம் இரண்டுதான் விழும். 31-ஆம் தேதி மாலை வெட்டியதை 1-ஆம் தேதி காலை மில்லில் நிறுத்தாலும் இதே கதை. இந்தச் சிறு மிச்சத்துக்கு, முந்தைய மாதப் பிழையை மட்டும் கணக்கில் எடுக்கும் MA(1) சேர்ப்பது நல்ல வழி.

காரணம் தேடாமல் ஆரம்பத்திலேயே MA(1) போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மாதிரியின் கெழு θ என்றால் லேக் 1 குச்சி θ/(1+θ²). அதனால் −0.31-க்கு θ சுமார் −0.35 வரும். படம் சுத்தமாகிவிடும். ஆனால் அடுத்த பெருநாள் மாதக் கடைசியில் விழுமா என்று அந்த மாதிரிக்குத் தெரியாது. குழி விழுந்த பிறகுதான் மேட்டை எதிர்பார்க்கும். நிரல் சேர்த்த மாதிரிக்குக் குழியும் முன்கூட்டியே தெரியும்.

லேக் 1 மேல நின்னா? எதிர்மறையை விட அது மோசமா?

முடிவெடுக்கும் வேலையில், ஆம், பெரும்பாலும் மோசம். 1, 2, 3 என்று வரிசையாக மேலே நின்று மெல்ல மெல்லக் குறைந்தால், மிச்சம் பல மாதம் ஒரே பக்கமாக இருந்திருக்கிறது. 2020-க்குப் பிறகு எல்லை மூடி வெளிநாட்டு ஆட்கள் வர முடியாமல் போனபோது, பல தோட்டங்களில் வெட்ட ஆளில்லாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலம் உங்கள் தொடருக்குள் இருந்தால் இந்த வடிவம்தான் வரும். கடும் வறட்சியும் இதைச் செய்யும். செம்பனையில் அதன் பாதிப்பு உடனே தெரியாமல் பல மாதம் கழித்து வந்து சில மாதம் தங்கும்.

ஏன் மோசம் என்றால், `lm` தரும் திட்டப்பிழை ஒவ்வொரு மாதமும் தனிச்சாட்சி என்று நினைத்துப் போட்டது. ஒரே பக்கமாகச் சாய்ந்த மாதங்கள் ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனவே "விளைச்சல் உயர்ந்து வருகிறது" என்ற போக்கு உண்மையைவிட உறுதியாகத் தெரியும். எதிர்மறையில் இது தலைகீழ். லேக் 1 −0.31 மட்டும் இருந்தால், போக்கின் திட்டப்பிழை இருக்க வேண்டியதைவிடச் சுமார் 1.6 மடங்கு பெரிதாகக் காட்டப்படும். உண்மையில் இருக்கும் போக்கைக்கூட "தெளிவில்லை" என்று தள்ளிவிடுவீர்கள்.

லேக் 1 ஏறக்குறைய −0.5-இல் தொங்கினால் வேறு கதை. ஒவ்வொரு மாதத்திலிருந்தும் முந்தைய மாதத்தைக் கழிக்கும் `diff()`-ஐத் தேவையில்லாமல் ஒருமுறை போட்டிருப்பீர்கள். போட்டதை எடுத்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

லேக் 17 மட்டும் 0.19. கோட்டைத் தாண்டிடுச்சு. 17 மாசத்துக்கு ஒரு தடவை ஏதாவது நடக்குதா?

நடப்பதாக எனக்குத் தெரியவில்லை, அதனால் விட்டுவிடுவேன். 24 குச்சிகள் வரைந்தால், எல்லாம் சுத்த இரைச்சலாக இருந்தாலும் சராசரியாக ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் கோட்டைத் தாண்டும். ஒன்றாவது தாண்ட 70 விழுக்காட்டு வாய்ப்பு இருக்கிறது. அதுவும் 0.18-ஐ 0.19 தாண்டுவது மயிரிழை. இதுவே லேக் 12-இல் 0.35 என்றால் கதை வேறு.

R-ல போட்டா கோடு நேரா இருக்கு. பைத்தான்ல போட்டா நிழல் கூம்பு மாதிரி விரியுது. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் பதில் சொல்லும் கேள்வி வேறு. `statsmodels`-இன் `plot_acf` இயல்பாகப் பார்ட்லெட் வாய்பாட்டைப் பயன்படுத்துகிறது. முந்தைய லேக்குகளில் உண்மையாகவே தொடர்பு இருந்தது என்று வைத்துக்கொண்டால் இந்த லேக்கின் சிதறல் எவ்வளவு என்று அது கணக்கிடும். அதனால் விரிகிறது. மூலத் தொடரைப் பார்த்து மாதிரி தேடும்போது அது பொருத்தம். மிச்சம் இரைச்சல்தானா என்று பார்க்கும்போது நேர்கோடுதான் வேண்டும்:

```
plot_acf(e, lags=24, zero=False, bartlett_confint=False)
```

R-இல் இன்னொரு பொறி உண்டு. தொடர் `frequency = 12` உள்ள `ts` ஆக இருந்தால், `acf()` படத்தின் கீழ் அச்சு மாதத்தில் இருக்காது, வருடத்தில் இருக்கும். அங்கே 1.0 என்று இருப்பது லேக் 12. ஒரு பிள்ளை அந்த 1.0 குச்சியை லேக் 1 என்று எடுத்துக்கொண்டு அறிக்கை முழுவதும் எழுதி முடித்து வந்தாள். இரண்டு பக்கம் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. அச்சில் 0.5, 1.0, 1.5 என்று தசமம் தெரிந்தால் உஷாராகுங்கள்.

இப்ப எல்லாக் குச்சியும் உள்ள அடங்கிடுச்சு. "மிச்சம் ரேண்டம்"னு அறிக்கையில எழுதலாம்ல?

"24 மாதம் வரை நேர்கோட்டுத் தொடர்பு எதுவும் தென்படவில்லை" என்று எழுதுங்கள். ACF பார்ப்பது அதை மட்டும்தான். ஒரு மாதத்தின் மிச்சம் மேலா கீழா என்பதை முந்தைய மாதம் சொல்லாவிட்டாலும், எவ்வளவு பெரிதாக ஆடும் என்பதைச் சொல்லக்கூடும். செம்பனை எண்ணெய் விலைபோன்ற தொடர்களில் இது வழக்கம்: அமைதியான மாதங்கள் சேர்ந்து வரும், கலவரமான மாதங்களும் சேர்ந்து வரும். மிச்சத்தின் ACF சுத்தமாக இருக்கும், அதன் வர்க்கத்தின் ACF மேலே நிற்கும். ஒரே வரி செலவில் அதையும் பார்த்துவிடலாம்:

```
acf(e^2, lag.max = 24)
```

அப்புறம், நீங்கள் ARIMA போட்டு அதன் மிச்சத்தை வரைந்திருந்தால், லேக் 1, 2-இல் உண்மையான எல்லை படத்தில் உள்ள கோட்டைவிடக் குறுகலானது. அந்த மிச்சத்தைச் சிறிதாக்கத்தானே கெழுக்களைத் தேர்ந்தெடுத்தோம்? AR(1) மாதிரியில் கெழு 0.4 என்றால், லேக் 1 குச்சியின் எல்லை 0.18 அல்ல, அதில் 0.4 பங்கு, சுமார் 0.07. அங்கே 0.12 என்று ஒரு குச்சி நின்றால், கோட்டுக்கு உள்ளே இருந்தாலும் நான் சந்தேகப்படுவேன். `Box.test`-இலும் `fitdf` என்ற இடத்தில் மாதிரியில் உள்ள AR, MA கெழுக்களின் மொத்த எண்ணிக்கையைக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் p மதிப்பு உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

எங்க தோட்டத்துல மூணு வருஷக் கணக்குதான் கணினில இருக்கு. போதுமா?

36 மாதத்துக்குக் கோடு ±0.33. −0.31 அதற்குள் மறைந்துவிடும். மூன்று வருடத்தில் மாதக் கடைசியில் விழுந்த நோன்புப் பெருநாள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆனால் உங்கள் ஆபீசில் நாள்வாரியாக வெட்டிய குலைக் கணக்கு இருக்குமே, அதை எடுங்கள். ரவுண்டு வாரியாகக் கூட்டினால் மூன்று வருடத்தில் 90 எண் கிடைக்கும், கோடு 0.21-க்கு வரும். மாத எல்லை என்ற செயற்கை வெட்டும் போய்விடும். அப்போது லேக் 1 எதிர்மறையாக வந்தால், அது முந்தைய ரவுண்டில் தவறவிட்ட குலை. எந்த ஃபீல்டு என்று பார்க்க நேரே போய்விடலாம்.